சொன்னது யார், நினைத்தது யார்?

போன வாரம் கல்லூரியில் படிக்கும் என் பேரன், "தாத்தா, இம்ப்ளை, இன்ஃபர் ரெண்டும் ஒண்ணுதானே? எல்லாரும் மாத்தி மாத்தித்தான் எழுதறாங்க" என்றான். மாற்றி எழுதுவது இன்று நேற்று வந்ததல்ல. இம்ப்ளை வர வேண்டிய இடத்தில் இன்ஃபர் போடுவது பல நூற்றாண்டுப் பழக்கம் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. அதனால் அதைப் பெரிய பிழை என்று நான் குதிக்க மாட்டேன். ஆனால் ஒன்றுதான் என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டேன். காரணம், ஒரு சைக்கிள்.

நான் வேலையில் இருந்தபோது ஓர் அலுவலகத்தில் கோப்பு ஒன்று காணாமல் போயிற்று. எழுத்தர் ஒருவருக்கு சார்ஜ் மெமோ கொடுத்து என்கொயரி வைத்தார்கள். வாட்ச்மேன் சொன்ன சாட்சி இரண்டே வரி. ராத்திரி எட்டு மணிக்கு ரெக்கார்டு ரூமில் விளக்கு எரிந்தது. அந்த எழுத்தரின் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றது. அவ்வளவுதான். குறுக்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வந்தது. எழுத்தர் அறைக்குள் இருந்தார் என்று வாட்ச்மேன் 'இம்ப்ளை' செய்திருக்கிறார் என்று அதில் இருந்தது. அதை வைத்து எழுத்தருக்கு இன்கிரிமென்ட் நிறுத்தப்பட்டது. அப்பீல் எழுத என்னிடம் வந்தார்.

அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கண் நின்றது. இம்ப்ளை செய்வது பேசுகிறவர் வேலை. நேராகச் சொல்லாமல், பேச்சுக்குள் ஒன்றை வைத்துக் கொடுப்பது. லத்தீன் மூலத்திலேயே 'உள்ளே மடித்தல்' என்றுதான் பொருள். இன்ஃபர் செய்வது கேட்கிறவர் வேலை. கேட்டதிலிருந்தோ பார்த்ததிலிருந்தோ தானாக ஒரு முடிவுக்கு வருவது. நம் பேச்சில் சொன்னால், முன்னது ஜாடையாகச் சொல்வது, பின்னது ஊகிப்பது.

அறைக்குள் எழுத்தர் இருந்தார் என்பது வாட்ச்மேன் மடித்து வைத்ததா, அதிகாரி ஊகித்ததா? இம்ப்ளை என்று எழுதியதால் அது சாட்சியின் வாக்குமூலம் ஆகிவிட்டது. 'நான் இன்ஃபர் செய்கிறேன்' என்று அதிகாரி எழுதியிருந்தால், எதை வைத்து என்று அவர்தான் காரணம் காட்ட வேண்டியிருக்கும். விளக்கை வேறு யாராவது போட்டிருக்கலாமே, சைக்கிளை விட்டுவிட்டு ஆள் பஸ்ஸில் போயிருக்கலாமே என்ற கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல் மாறியதில் அந்தப் பொறுப்பு அவர் தோளிலிருந்து இறங்கி, வாட்ச்மேன் தலையில் ஏறிவிட்டது.

தமிழில் இந்தப் பிரிவு புதிதல்ல. நூல் எழுதும் உத்திகள் என்று தொல்காப்பியமும் முப்பத்திரண்டு சொல்கிறது, நன்னூலும் முப்பத்திரண்டு சொல்கிறது. தொல்காப்பியத்தில் ஒன்று 'உய்த்துக்கொண்டு உணர்தல்'. நன்னூலில் அது 'உய்த்துணர வைப்பு'. உணர்தல் படிக்கிறவர் செய்வது, உணர வைப்பது எழுதுகிறவர் செய்வது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் பக்கத்திலிருந்தும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் ஆள் மட்டுமல்ல, பொருளும் இம்ப்ளை செய்யும். சைக்கிள் அங்கே நின்றது அவர் இருந்ததை இம்ப்ளை செய்கிறது என்று எழுதினால் இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் சைக்கிளுக்கு ஜாடை பேசும் எண்ணம் கிடையாது. அதைப் பார்த்து முடிவு கட்டுகிற மனுஷன் எப்போதும் வேறு ஒருவர்.

ஆள் பேசியதாக இருந்தால் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. "அதைத்தான் சொல்ல வந்தீர்களா?" என்று அவரிடமே கேட்டுவிடலாம். ஆமாம் என்றால் அவர் உணர்த்தியது. இல்லை என்றால் பெரும்பாலும் நாம் ஊகித்தது. பெரும்பாலும் என்கிறேன், ஏனென்றால் ஜாடை பேசிவிட்டு, மாட்டிக்கொண்டதும் 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று நழுவுகிறவர்களை நம் வீட்டுக் கல்யாணங்களிலேயே பார்க்கலாம்.

அப்பீலில் வாட்ச்மேனின் இரண்டு வரியையும், அதன் கீழே ரிப்போர்ட்டின் ஒரு வரியையும் எழுதி, மேல் இரண்டில் இல்லாதது கீழே எப்படி வந்தது, சாட்சியையே கேட்க வேண்டும் என்று மட்டும் கேட்டோம். மறுபடி என்கொயரி வைத்தார்கள். வாட்ச்மேனிடம் கேட்டார்கள்.

"நான் சைக்கிளத்தான் பாத்தேன் சார். அது பஞ்சராகி ரெண்டு நாளா அங்கதான் நிக்குது. அதை யாரும் என்கிட்ட கேக்கலையே."

இன்கிரிமென்ட் திரும்ப வந்தது. கோப்பு கிடைக்கவில்லை.