வராத பிள்ளைகளின் பெயரைக் குழுவில் இடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காலையில் வருகைப் பதிவு முடிந்ததும், அன்று வராத மாணவர்களின் பெயர்களை வகுப்பாசிரியர் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் பட்டியலாக இடும் வழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றிவிட்டது. அது நிறுத்தப்பட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை. பிள்ளை வரவில்லை என்ற செய்தி காலையிலேயே வீட்டைச் சேர வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஏனெனில், வீட்டிலிருந்து புறப்பட்ட பிள்ளை வகுப்புக்கு வந்து சேரவில்லை என்பதைப் பெற்றோர் காலை 10 மணிக்கு அறிவதற்கும் மாலை 4 மணிக்கு அறிவதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. ஆனால் அச்செய்திக்கு உரியவர்கள் அப்பிள்ளையின் பெற்றோர் மட்டுமே.

எடுத்துக்காட்டாக, 40 பேர் பயிலும் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் நால்வர் வரவில்லை என்று கொள்ளலாம். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தி பூப்பெய்தியதால் வீட்டில் இருக்கிறாள், மூன்றாமவன் கட்டணம் செலுத்தாததால் தயங்கி வரவில்லை, நான்காமவன் புறப்பட்டும் வந்து சேரவில்லை. நான்கு பெயர்களும் குழுவில் இடப்பட்டவுடன், காய்ச்சல்காரனின் தாய் அங்கேயே காரணம் எழுதுகிறார். அதைக் கண்ட மற்றவர்களும் காரணம் சொல்லியாக வேண்டிய நெருக்கடிக்கு ஆளாகிறார்கள். அச்சிறுமியின் பெற்றோர் வாய்திறவாமல் இருந்தாலும், பெயர் தொடர்ந்து பல நாள் பட்டியலில் வருவதே மற்ற வீடுகளில் ஊகத்துக்குப் போதுமானது. அவள் திரும்பி வரும் நாளில் அவ்வூகம் வகுப்பறையில் அவளுக்கு முன்பே காத்திருக்கிறது. உண்மையில் அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டிய நான்காமவனின் பெயரோ, இந்த உரையாடலுக்கு நடுவே எவர் கண்ணிலும் படாமல் மேலே சென்றுவிடுகிறது.

பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணையோ முதலெழுத்தையோ இடுவது தீர்வாகாது. வரிசை எண் என்பது வருகைப் பதிவேட்டில் மாணவருக்குத் தரப்படும் எண். அது ஒவ்வொரு நோட்டின் அட்டையிலும் எழுதப்பட்டிருப்பதால், 17 யாருடைய எண் என்பது வகுப்பிலுள்ள எல்லோருக்கும் தெரியும்.

பெயரை வெளியிடாத அறிவிப்பு முறை கடினமானதன்று. வராதவர்களின் பெற்றோருக்கு மட்டும், “உங்கள் பிள்ளை இன்று முதலாம் பாடவேளைக்கு வரவில்லை, விடுப்பில் இருந்தால் தெரிவிக்கவும், பள்ளிக்குப் புறப்பட்டிருந்தால் உடனே பேசவும்” என்ற ஒரே வாசகம் தனித்தனியே அனுப்பப்பட வேண்டும். விடுப்புக் கடிதம் ஏற்கெனவே வந்திருந்தால் இச்செய்தியும் தேவையில்லை. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வாட்ஸ்அப்பில் பலருக்கு ஒரே சமயத்தில் தனித்தனியே செய்தி அனுப்ப உதவும் ‘பிராட்காஸ்ட்’ வசதியில், ஆசிரியரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும், சேமிக்காதவர்களுக்குச் சேராது. ஆகவே நான்கு பேருக்கும் தனித்தனியே அனுப்புவதே நம்பகமானது. செய்திக்கு அருகில் ஒற்றைக் குறி மட்டும் நின்றால் அது இன்னும் சென்று சேரவில்லை என்று பொருள். அப்போதும், இரட்டைக் குறி விழுந்தும் பதில் வராதபோதும், தொலைபேசியில் அழைத்தாக வேண்டும். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் மீது அப்பொறுப்பைச் சுமத்தாமல், பள்ளி அலுவலகம் அதனை ஏற்பதே நியாயம்.

பொதுக் குழுவில், “வராதவர்களின் வீடுகளுக்குத் தனியே தெரிவிக்கப்பட்டுள்ளது” என்ற ஒரு வரி போதும். “செய்தி வராவிட்டால் பிள்ளை வகுப்பில் இருக்கிறது என்று கொள்க” என்று மட்டும் எழுதிவிடக் கூடாது; செய்தி சென்று சேராத வீட்டில் அவ்வரி பொய்யான நிம்மதியைத் தந்துவிடும்.

குழுவில் இடுவது வேலையை எளிதாக்குகிறது, தெரிவித்ததற்குச் சான்றாகவும் நிற்கிறது என்று பள்ளிகள் கூறும் காரணம் பொருந்தாது. வருகைக்கான சான்று வருகைப் பதிவேடு. தெரிவித்ததற்கான சான்று ஆசிரியரின் கைபேசியில் உள்ள அந்தத் தனிச்செய்தி. பெற்றோர் வெட்கப்பட்டாவது பிள்ளையை ஒழுங்காக அனுப்புவார்கள் என்று சிலர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். வேதனைக்குரிய வாதம் இதுவே. மாணவருக்கு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிறையாதவர் எவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களைப் பற்றிய தரவுக்குத் தனிக் காப்பு வகுத்துள்ளது. வீட்டுப்பாடம் அறிய ஒரு குழுவில் சேர்ந்த பெற்றோர், தம் பிள்ளையின் வருகையை ஊரறியச் சொல்வதற்கும் இசைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

புதிய பட்டியல்களை நிறுத்துவதோடு பழையவற்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. அனுப்பிய செய்தியை எல்லோருக்கும் அழிக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாள்களுக்குள் மட்டுமே செயல்படும். அதற்கு முந்தைய பட்டியல்கள் பெற்றோர் கைபேசிகளில் அப்படியே இருக்கின்றன. அவற்றை நீக்கிவிடுமாறு பள்ளி ஒவ்வொரு குழுவிலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்; வரும் கல்வியாண்டில், தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் மட்டுமே செய்தி இடக்கூடிய புதிய குழுக்களைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்