மாதச் சேமிப்பை எங்கே கட்டுவது?

சம்பளம் வந்த முதல் வாரத்தில் ஐயாயிரம் ரூபாயைத் தனியே எடுத்து வைக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்தப் பணம் பெரும்பாலும் ஏலச்சீட்டுக்கோ நகைக்கடைச் சீட்டுக்கோ போகிறது. மியூச்சுவல் ஃபண்ட் என்றால் 'அது ஷேர் மார்க்கெட், நமக்கு வேண்டாம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். கடன் தேவைப்படாமல், சேமிப்பதற்காக மட்டுமே மாதம் கட்டுகிற ஒருவர் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. சீட்டு மோசம் என்பதால் அப்படிச் சொல்லவில்லை. சீட்டு சேமிப்பைவிடக் கடனுக்கே அதிகம் பொருந்தும் ஏற்பாடு என்பதால் சொல்கிறோம்.

ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய். வழக்கம்போல முதல் சீட்டைக் கழிவில்லாமல் நடத்துபவரே எடுத்துக்கொள்கிறார். இரண்டாம் மாத ஏலத்தில் அவசரத்தில் இருக்கும் ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். மாதம் போகப் போகத் தள்ளுத் தொகை சீராகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டும் கழிகிறது. கமிஷன் 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய். தள்ளுத் தொகையில் கமிஷன் போக மிஞ்சுவதை 20 பேருக்கும் பிரித்து, அவரவர் தவணையில் கழித்துவிடுகிறார்கள். இரண்டாம் மாதம் ஒருவர் கட்ட வேண்டியது 3,750 ரூபாய்தான். பாஸ் புத்தகத்தில் அந்தச் சின்னத் தொகையைப் பார்க்கும்போது வருகிற மகிழ்ச்சிதான் சீட்டின் பெரிய கவர்ச்சி.

இப்போது மொத்தக் கணக்கைப் பார்ப்போம். 20 மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டியது 88,125 ரூபாய். கடைசியில் எடுத்தவருக்குக் கிடைப்பது 95,000. லாபம் 6,875. தவணை எந்தெந்த மாதம் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம். குறைவில்லை. ஆனால் 11-ஆம் மாதம் எடுத்தவருக்கு 82,500 தான் கிடைக்கும். கட்டியதைவிட 5,625 ரூபாய் குறைவு. இந்தச் சீட்டில் 16-ஆம் மாதத்துக்கு முன் ஏலத்தில் எடுத்த எவரும் கட்டியதைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார்கள். 'நடுவில் எடுத்தேன், நஷ்டமில்லை' என்று சொல்பவர் பாஸ் புத்தகத்தை ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மாதம் எடுத்தவரின் நிலை என்ன? கைக்கு வந்த பணத்தில் அதுவரை கட்டிய இரண்டு தவணையைக் கழித்து, இனி அவர் கட்டப்போகும் தவணைகளைக் கடன் தவணையாக எண்ணிப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு இரண்டே முக்கால் ரூபாய் வட்டி வருகிறது. கந்துவட்டியைவிட இது எவ்வளவோ மேல். சம்பளச் சீட்டும் சொத்துப் பத்திரமும் காட்ட முடியாததால் வங்கி வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் சிறு வியாபாரிக்கு, நான்கு பேர் ஜாமீனில் ஒரே வாரத்தில் பணம் தருவது சீட்டு மட்டும்தான். அவருக்கு அது வேண்டும். அதை ஒழிக்கச் சொல்பவர்கள் அவருடைய கடையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

ஆனால் கடைசிவரை காத்திருப்பவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அவருக்கு வரும் 10 சதவீதம் வெளியிலிருந்து வந்ததல்ல. முன்னால் எடுத்தவர்களின் அவசரம்தான் அவருடைய லாபம். 19 ஏலத்தில் 95,000 ரூபாய் கமிஷனாக வெளியே போய்விட்டது. எஞ்சியது உள்ளுக்குள்ளேயே ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாறுகிறது. எடுத்தவர்கள் தொடர்ந்து கட்டினால்தான் கடைசி ஆளுக்குப் பணம். அதிக நாள் காத்திருப்பவரே அதிக ஆபத்தையும் சுமக்கிறார்.

கமிஷனைக் கவனிக்காமல் விடுவதும் தவறு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் 5 சதவீதம் என்று வைத்திருந்த உச்சவரம்பை 2019 திருத்தம் 7 சதவீதமாக உயர்த்தியது. இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். அதே சீட்டை, அதே தள்ளில் தொடங்கி, 7 சதவீதக் கமிஷனோடு போட்டுப் பார்த்தால் கடைசி ஆள் 89,075 கட்டி 93,000 வாங்குகிறார். ஆண்டு வருவாய் 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஜிஎஸ்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஏறத்தாழ இதே அளவு வருவாயை, யாருடைய நாணயத்தையும் நம்பியிராமல், மியூச்சுவல் ஃபண்டில் 'லிக்விட்' வகையே தந்துவருகிறது. வேண்டும்போது ஓரிரு நாளில் பணம் வங்கிக்கு வந்துவிடும்.

இது பதிவு பெற்ற சீட்டின் கதை. அங்கே நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைப் பதிவாளரிடம் வைத்த பிறகே சீட்டைத் தொடங்க முடியும். சீட்டுக்குப் பெற்ற முன் அனுமதியின் எண்ணைக் கேட்டால் காட்ட வேண்டும். 'நமக்குள்ள என்ன நம்பர்?' என்று சிரிக்கும் அக்கம்பக்கத்துச் சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் அந்தப் பிணை கிடையாது. ஆள் தலைமறைவானால் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் வரிசையில் நிற்பதுதான் மிச்சம்.

நகைக்கடைச் சீட்டுக்கு வருவோம். மாதம் 5,000 வீதம் 11 மாதம், மொத்தம் 55,000. பதினோரு மாதத்துக்கும் காரணம் உண்டு. 2014-இல் வந்த நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தராவிட்டால் அது டெபாசிட் ஆகிவிடும். டெபாசிட் வாங்கக் கடைக்கு உரிமை இல்லை. ஆக, நாம் கட்டுவது சேமிப்பு என்று சட்டமே ஒப்புக்கொள்வதில்லை. அது முன்பணம், அவ்வளவுதான். அதற்கு ஈடாகக் கடை எதையும் பிணை வைப்பதில்லை. கடை மூடினால் வாடிக்கையாளர் பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்கிறார். நம் மாநிலத்தில் பெயர் பெற்ற கடைகளே மூடியதும், சீட்டு அட்டையோடு மக்கள் ஷட்டர் முன் நின்றதும் நாம் பார்த்ததுதான்.

கடை நல்ல கடையாகவே இருக்கட்டும். '14 சதவீதம் வரை சேதாரம் இல்லை' என்பதுதான் சலுகை. பதினோராம் மாதம் போய் ஒரு ஆரத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் சேதாரம் 22 சதவீதம் என்கிறார்கள். 14 கழித்து 8 சதவீதம் கட்ட வேண்டும். அதே எடையில் அதே வேலைப்பாட்டுக்கு அடுத்த தெருக் கடை கையில் காசு வைத்துப் பேசினால் 12 சதவீதத்துக்குத் தருமென்றால், உண்மைச் சலுகை 4 சதவீதம்தான். சேரும்முன்பே இரண்டு கடையிலும் எஸ்டிமேட் சீட்டு எழுதி வாங்கி ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். பெண்ணுக்கு நகை போட வேண்டிய வீட்டில் அந்த 4 சதவீதமும் பணம்தான், அதற்காகச் சேர்வதில் தவறில்லை.

சேமிப்பாக நினைத்துச் சேர்ந்தவருக்குத்தான் இழப்பு. அவர் கட்டிய 55,000-இல் 3 சதவீத ஜிஎஸ்டியும் மீதமுள்ள 8 சதவீதச் சேதாரமும் போக, கழுத்தில் இருக்கும் தங்கத்தின் மதிப்பு ஏறத்தாழ 49,400. படியிறங்கும்போதே 5,600 ரூபாய் குறைந்துவிட்டது. 'தங்கம் ஏறுதே' என்பார்கள். ஏறுகிறது, உண்மை. ஆனால் தொகையாக வரவு வைக்கும் சீட்டில் அந்த ஏற்றம் நமக்கு வராது. மாதாமாதம் கிராமாக வரவு வைக்கும் சீட்டில் மட்டுமே வரும். அந்த ஏற்றம்தான் வேண்டுமென்றால் தங்க மியூச்சுவல் ஃபண்டில் மாதம் ஐயாயிரம் போடலாம். சேதாரம் என்ற பேச்சே அங்கில்லை.

மியூச்சுவல் ஃபண்டையும் இதே கண்டிப்போடு பார்க்க வேண்டும். எவரும் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. 2018 ஆகஸ்டிலிருந்து மாதம் ஐயாயிரம் வீதம் நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் 20 மாதம் போட்டவர், 2020 மார்ச் 23 அன்று பார்த்திருந்தால் போட்ட லட்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அன்று 7,610-இல் முடிந்த நிஃப்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் 13,900-ஐத் தாண்டியது. விற்காதவர் பிழைத்தார். அடுத்த மாதம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தவர் விற்றுத்தான் தீர வேண்டும். கடன் பத்திர வகையிலும் விபத்து உண்டு. 2020 ஏப்ரலில் ஒரு பெரிய ஃபண்ட் நிறுவனம் தன் 6 கடன் பத்திரத் திட்டங்களை ஒரே நாளில் மூடியது.

இருந்தும் இங்கே ஒரு அடிப்படை வேறுபாடு இருக்கிறது. செபி விதிகளின்படி நம் பணம் ஃபண்ட் நிறுவனத்தின் கல்லாவில் இருப்பதில்லை. அறங்காவலர்களின் பொறுப்பில், தனியான காப்பாளரிடம் பத்திரமாக இருக்கிறது. நிறுவனம் மூடினாலும் அந்தப் பத்திரங்கள் முதலீட்டாளர்களுடையவை. ஒவ்வொரு வேலைநாள் இரவும் ஒரு யூனிட்டின் மதிப்பு வெளியாகிறது. நஷ்டம் வந்தால் அன்றே தெரியும். சீட்டிலும் நகைக்கடையிலும் அது ஷட்டர் இறங்கும் நாளில்தான் தெரியும். வருமானம் வரும் இடமும் வேறு. பங்கு ஃபண்டில் நிறுவனங்களின் லாபத்திலிருந்து வருகிறது, பக்கத்து வீட்டுக்காரரின் அவசரத்திலிருந்து அல்ல.

எனவே மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்துக்கு லிக்விட் ஃபண்டோ வங்கியின் தொடர் வைப்போ போதும். ஏழெட்டு ஆண்டு தொடமாட்டோம் என்ற பணம் மட்டும் குறியீட்டு ஃபண்டுக்குப் போகட்டும். 'சீட்டு என்றால் கட்டாயமாகக் கட்டிவிடுவேன், எஸ்ஐபியை நிறுத்திவிடுவேன்' என்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்று கேட்பதைப்போல எந்தச் செயலியும் கேட்காது. சம்பளம் ஏறும் மறுநாளையே பிடித்தத் தேதியாக வைத்துக்கொள்வதுதான் அதற்கு நமக்குத் தெரிந்த மாற்று.

அரசு செய்ய வேண்டியது மூன்று. ஒவ்வொரு மாதமும் சீட்டு எடுத்தவருக்கு ஆண்டு வட்டி எவ்வளவு விழுந்தது, கடைசி ஆளுக்கு எவ்வளவு வருவாய் என்பதைச் சீட்டு நிறுவனங்கள் பாஸ் புத்தகத்தில் அச்சிட வேண்டும் என்று பதிவுத்துறை வலியுறுத்த வேண்டும். வங்கிக் கடனுக்கு அந்த விதி இருக்கும்போது சீட்டுக்கு ஏன் கூடாது? நகைக்கடைகள் வாங்கும் மாதத் தவணை கடையின் நடைமுறைச் செலவுக்குப் போகாமல், நகை கைக்கு வரும்வரை வங்கியில் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். சீட்டில் சேரும் நாளன்றே எந்தெந்த நகைக்கு எவ்வளவு சேதாரம் என்ற பட்டியலும் கையெழுத்தோடு வாடிக்கையாளர் கைக்கு வர வேண்டும்.