குறைவது எவருடைய இருப்பு?

முதன்முறையாகக் கடன் வாங்குவோர்க்கென ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கப்படும் துண்டறிக்கைகளில், சேமிப்புப் பகுதி 'குறைந்தபட்ச இருப்பு' பேணச் சொல்கிறது. கடன் பகுதியோ 'குறையும் இருப்பு முறையில் வட்டி' என்கிறது. தமிழில் இருப்பு என்பது கையில் உள்ளது. கடனோ கொடுக்க வேண்டியது. சேமிப்பைப் பற்றி அப்போதுதான் படித்து முடித்தவர், தம் பணமே குறையப் போவதாக எண்ணி அம்முறையை அஞ்சுவது அவருடைய அறியாமை அன்று, மொழிபெயர்ப்பின் பிழை.

அதற்கு எதிரான முறைக்கு வழங்கும் பெயர் 'நிலையான வட்டி'. கடன் வாங்குபவர்க்குச் செலவு மிகும் முறைக்கு நம்பகமான பெயரும், செலவு குறையும் முறைக்கு அச்சுறுத்தும் பெயரும் வாய்த்திருக்கின்றன. போதாக்குறைக்கு, காலம் முழுதும் மாறாத விகிதத்தையும் அதே 'நிலையான' என்னும் சொல்லே குறிக்கிறது.

10,000 ரூபாய்க் கடன், 12 மாதத் தவணை, ஆண்டுக்கு 12 சதவீதம் என்று கொள்வோம். 'நிலையான' முறையில் வட்டி 1,200 ரூபாய்; தவணை ஏறத்தாழ 933 ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால் தவணை 888 ரூபாய். மொத்த வட்டி 662 ரூபாய்தான். முதல் முறையின் கடைசி மாதத்தில் எஞ்சிய அசல் 833 ரூபாய். அதற்கும் வட்டி 100 ரூபாய். உண்மையான ஆண்டு வட்டி 21 சதவீதத்தைத் தாண்டுகிறது.

ஊர்க்கணக்கு அறிந்தவர் '12 சதவீதம்' என்பதை 'நூற்றுக்கு ஒரு வட்டி' என்று மாற்றிக்கொள்வார். ஆனால் ஊரில் ஒரு வட்டிக்கு வாங்கிய அசல், திருப்பித் தரும்வரை முழுதாகக் கையில் இருக்கும். இங்கோ மாதந்தோறும் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாத தாள், அவருக்குத் தெரிந்த கணக்கையே அவருக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

கலைச்சொல்லை மாற்றினால் சட்டப் பொருள் கெடும் என்பர் சிலர். கடன் விவரங்களைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதே ரிசர்வ் வங்கி 2022இல் நுண்கடனுக்கு வகுத்த நெறி. புரியாத தமிழ் அந்நெறியை எழுத்தளவில் நிறைவேற்றுகிறது, நோக்கத்தளவில் மீறுகிறது. ஒப்பந்தத்தில் கலைச்சொல் இருக்கட்டும். துண்டறிக்கையில் 'மீதி அசலுக்கு மட்டும் வட்டி' என்றும், 'கடைசித் தவணை வரை முழு அசலுக்கும் வட்டி' என்றும் எழுதுவதால் எந்தச் சட்டமும் குலையாது.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க அகராதி வேண்டா. தாளைப் படித்தவரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: கடைசி மாதத்தில் எவ்வளவு பணத்துக்கு வட்டி கட்டுவீர்கள்? அவரால் விடை சொல்ல முடியவில்லை என்றால், திருத்த வேண்டியது வாசகரை அன்று, தாளை.