அக்காவின் சமையல் மேடை

சென்ற மாரிகாலத்தில் கல்லடியிலுள்ள எனது தமக்கையார் வீட்டில் இரண்டு வாரங்கள் தங்கியிருக்க நேர்ந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். நடுவே ஒடுங்கிய நிலத்தில் அமைந்த வீடு அது. போன மறுநாளே ஒரு விடயம் எனக்கு வித்தியாசமாகப்பட்டது. ஐம்பது வருடங்களாக ஒருநாளும் சம்பல் இல்லாமல் இடியப்பம் பரிமாறாத அக்கா, வெறும் சொதியுடன் தட்டை நீட்டினார். காரணம் கேட்டேன்.

“மிக்சி மேலே இருக்கு தம்பி. எனக்கு ஏறி எடுக்க ஏலாது” என்றார்.

கதை இதுதான். கனடாவிலிருந்து அவருடைய மகன் மூன்று மாதங்களுக்கு முன்னர் வந்து போயிருக்கிறார். தாயின் குசினியைக் கண்டு மனம் வருந்தி, இரண்டு நாள் பாடுபட்டு ஒழுங்குபடுத்தியிருக்கிறார். பழைய மிக்சி, தூள் போத்தல்கள், மருந்துப் பெட்டி அனைத்தும் சுவரில் உயரமாகப் பொருத்திய தட்டுகளுக்குப் போயின. மேடையில் எஞ்சியவை அவர் கொண்டுவந்த பளபளப்பான பரிசுப் பொருட்கள் மட்டுமே. சஞ்சிகைகளில் வரும் படம்போல இருந்ததாம். அவர் விமானமேறிய பின்னர் அக்கா தன் கைக்கு எட்டிய போத்தல்களை ஒவ்வொன்றாக இறக்கினார். மிக்சியை இறக்க முடியவில்லை. மருந்துப் பெட்டி கண்ணில் படாததால் பிரஷர் மாத்திரையைப் பல நாட்கள் மறந்துவிட்டார். அடுத்த கிளினிக்கில் அமுக்கம் ஏறியிருந்தது கண்டு வைத்தியர் விசாரித்தபோதுதான் விடயம் வெளியே வந்தது.

மருமகனை நான் குறைகூற மாட்டேன். அவருடைய எண்ணம் நல்லது. ஆயினும், மேடையில் கிடந்த பொருட்கள் ஏன் அங்கே கிடந்தன என்று அவர் ஒரு தடவையேனும் கேட்கவில்லை. வெறுமையாக இருப்பதே ஒழுங்கு என்று எண்ணினார். வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் பலர் ஊருக்கு வரும்போது செய்கின்ற காரியம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் அம்மா காலத்து அடுக்களையில் மேடை என்ற ஒன்றே இல்லை. வீட்டுக்கு வெளியே ஓலைக் கூரையின் கீழ் நிலத்தோடு அடுப்பு. குந்தியிருந்தே அரிவதும் அரைப்பதும். தயிர்ச்சட்டி பூனைக்கு எட்டாமல் உறியில் தொங்கும். கருவாடும் விதைமிளகாயும் அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் இருக்கும். உப்புச் சிரட்டை அடுப்பங்கரையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும், அந்த இடத்துக்கு ஒரு காரணமும் இருந்தன. அந்தப் பரணின் பெறுமதி இப்போதுதான் விளங்குகிறது. வாடை வீசும் மாதங்களில் வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம் அதுதான்.

2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போனதன் பின்னர் இக்கரையோரத்தில் எழுந்த வீடுகளில் குசினி வீட்டுக்குள் வந்தது. நின்று சமைக்கும் சீமெந்து மேடையும் வந்தது. பலர் பின்புறத்தில் ஒரு தகரக் கொட்டில் இறக்கி விறகடுப்பைத் தனியே வைத்துக்கொண்டார்கள். உறியும் பரணும் மட்டும் உள்ளே வரவில்லை. அவற்றில் இருந்த பொருட்களெல்லாம் இடம்பெயர்ந்தவர்களைப் போல மேடையில் வந்து குடியேறின.

அக்காவின் மேடை ஏழு அடி நீளம், இரண்டு அடி அகலம். இடது முனையில் தண்ணீர்த் தொட்டி, வலது முனையில் எரிவாயு அடுப்பு. மிக்சியையும் மாத்திரைப் பெட்டியையும் நான் இறக்கிவைத்த பின்னர் எண்ணினோம்: 31 பொருட்கள். மரக்கறி அரிவதற்கு மிஞ்சியிருந்தது ஒரு சுளகளவு இடம்.

எதையும் உடனே நகர்த்துவதில்லை என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு பொருளிலும் சிறிய கடதாசித் துண்டு ஒட்டி, கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு கோடு போடும்படி அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். முதலில் சிரித்தார், பிறகு அவரே ஆர்வமாகக் கோடு போட்டார். ஏழு நாள் முடிவில் பார்த்தால், பத்துப் பொருட்களை அவர் தினமும் எடுத்திருந்தார்: கேத்தில், சோற்றுக் குக்கர், தேயிலை, சீனி, பால்மா, உப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், லைற்றர், மாத்திரைப் பெட்டி. மிக்சி ஐந்து நாட்கள் வேலை செய்திருந்தது. இடியப்ப உரல் முதலாக ஆறு பொருட்களுக்கு ஒன்றிரண்டு கோடுகள். மிகுதிப் பதினான்கிலும் ஒரு கோடுகூட இல்லை.

அந்தப் பதினான்கில் எவை இருந்தன? கழுவிவைத்த ஜாம் போத்தல்கள், பழைய திறப்புகள், செத்துப்போன தொலைபேசிச் சார்ஜர், 2022 இல் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது அவசரமாக வாங்கிய மின்னடுப்பு, பாண் வாட்டும் இயந்திரம், கனடாவிலிருந்து வந்த பழச்சாறு இயந்திரம். கடைசிப் பொருளில் ஒரு வேடிக்கை உண்டு. கனடாவின் மின்சாரம் 120 வோல்ற், நம்முடையது 230. மின்மாற்றி இல்லாமல் செருகினால் இயந்திரம் எரிந்துபோகும். ஆகவே அது ஒருநாளும் ஓடவேயில்லை. மகன் வீடியோவில் பேசும்போது தெரியவேண்டும் என்பதற்காக அக்கா அதைத் துடைத்துத் துடைத்து மேடை நடுவில் வைத்திருந்தார்!

பின்னர் இடம் குறித்தோம். மேடையின் நடுவில், தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையே, இரண்டரை அடியை எதுவும் வைக்காத இடமாக விட்டோம். அரிவதும் தேங்காய் துருவுவதும் அங்கேதான். மிக்சி மேடையிலேயே நிற்க வேண்டும் என்பது என் கட்சி. பாரமான பொருள், அடிக்கடி தேவைப்படுவது, தூக்குபவருக்கோ தோள்மூட்டில் நோ. அது உயரத் தட்டில் இருந்தால் ஒன்றில் பாவனை நின்றுபோகும், அல்லது ஒருநாள் கதிரையில் ஏறி விழ நேரும். மாறாக, மாதத்தில் ஒருமுறை எடுக்கும் இடியப்பத் தட்டுகள் பாரமற்றவை. அவை மேலே போகலாம்.

கேத்திலுக்கும் குக்கருக்கும் ஆவி ஒரு பிரச்சினை. அழுத்திய மரத்தூள் பலகையிலான தட்டின் நேர் கீழே வைத்தால், சில மாதங்களில் பலகையின் விளிம்பு பொம்மிக்கொண்டு வரும். அக்கா வீட்டிலும் அவ்வாறே ஆகியிருந்தது. எனவே இரண்டையும் யன்னலோரம், தலைக்கு மேல் எதுவுமில்லாத இடத்துக்கு நகர்த்தினோம். இன்னொரு விடயம் மின்சாரம். ஒரே நீட்டிப்பு வயரில் மூன்றும் செருகப்பட்டிருந்தன. 13 அம்பியர் செருகி ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3000 வாற் வரை தாங்கும். 2000 வாற் கேத்திலும் 700 வாற் குக்கரும் சேர்ந்தாலே 2700. காலையில் அவற்றுடன் 600 வாற் மிக்சியும் ஓடினால் எல்லை கடந்துவிடும். மெல்லிய வயரானால் அதற்கு முன்னரே சூடேறும். செருகியைத் தொட்டுப் பார்த்தால் சுடுவதும், பிளாஸ்ரிக் மஞ்சளாவதும் அறிகுறிகள். கேத்திலைச் சுவர்ச் செருகிக்கு மாற்றினோம். அதன் வயர் மேடை விளிம்பில் தொங்காமல் பின்னால் சுருட்டிக் கட்டினோம். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ்ந்து வரும் வீடு. கொதிநீரை இழுத்து ஊற்றிக்கொள்ள அந்த ஒரு வயர் போதும்.

போத்தல்கள் விடயத்தில் வாவிக்கரையின் காற்று தனிச் சட்டம் போடுகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மாரியில் இங்கு அது அன்றாட நிலைமை. பால்மா கட்டிபடும். அடுப்போரத்தில் இருக்கும் மிளகாய்த்தூள் வெப்பத்தில் நிறம் மங்கும். யன்னல் வெயில் படும் பக்கம் வெளிறி, மறுபக்கம் சிவப்பாக இருப்பதைப் போத்தலைத் திருப்பினாலே காணலாம். ஆகவே மேடையில் இருப்பது ஒரு வாரத்துக்குப் போதுமான சிறு போத்தல் மட்டும். அதுவும் அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி. மிகுதி இறுக்கமான மூடியுள்ள பெரிய போத்தலில், இருட்டான கீழ்த்தட்டில். சிறு போத்தல் முடிந்தபின் கழுவி, நன்றாகக் காயவைத்தே நிரப்ப வேண்டும். பழையதன்மேல் புதியதைக் கொட்டினால் அடியில் கிடக்கும் ஈரக்கட்டி புதியதையும் கெடுத்துவிடும். கொதிக்கும் கறிக்கு மேலே போத்தலைச் சரித்துத் தூள் கொட்டும் பழக்கத்தை அக்கா விட்டது பெரிய காரியம். ஆவி போத்தலுக்குள் போவது அந்தக் கணத்தில்தான். இப்போது கரண்டி.

1926 இல் பிராங்பேர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சமையலறையை வடிவமைத்தார். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்கிட்டு, அரிசி, மா, சீனி என்று ஒவ்வொன்றுக்கும் கையெட்டும் தூரத்தில் இழுப்பறை வைத்தவர் அவர். இன்றைய மேடைகளின் மூதாதை அதுவே. ஆனால் அந்த அறையும் அங்குள்ள வாழ்க்கையையும் அங்குள்ள குளிரையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. வாடையும் கச்சானும் மாறி மாறி வீசும் இடத்தில், எழுபதைக் கடந்த பெண்ணொருத்தியின் கையளவை நாமேதான் அளக்க வேண்டும்.

மாத்திரைப் பெட்டியில் எனக்கும் அக்காவுக்கும் வாக்குவாதம். சமையலறையின் சூடும் ஈரமும் மருந்துக்கு ஆகாது. படுக்கையறை அலுமாரியில் வையுங்கள் என்றேன். தேயிலைப் போத்தலைத் தொட்டால்தான் மாத்திரை ஞாபகம் வரும் என்றார் அவர். மூன்று மாத அனுபவம் அவர் பக்கம் நின்றது. ஈற்றில் மருந்துக் கையிருப்பு அலுமாரிக்குப் போயிற்று. ஒவ்வொரு இரவும் மறுநாளுக்கான மாத்திரை மட்டும், அதன் தகட்டு உறையோடு, தேயிலைப் போத்தலுக்கு அருகே சிறு கிண்ணத்தில் வரும்.

எல்லாம் நிலைத்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் விசாரித்தேன். மின்சாரப் பட்டியலும் ஒரு திறப்பும் அந்த வெற்றிடத்துக்கு வந்துவிட்டனவாம். அவற்றுக்கு நாங்கள் வேறிடம் குறிக்கவில்லை, தவறு எங்களுடையது. கதவருகே ஓர் ஆணியும் ஒரு பையும் மாட்டும்படி கூறினேன்.

மருமகனும் பேசியிருக்கிறார். பழச்சாறு இயந்திரம் எங்கே அம்மா என்று கேட்டாராம். “பத்திரமாய் அலுமாரிக்குள்ள இருக்கு மகன்” என்று சொல்லி, தொலைபேசியை மிக்சியின் பக்கம் திருப்பிக் காட்டினாராம் அக்கா. அப்போது அதில் சம்பல் அரைபட்டுக்கொண்டிருந்தது.