வாசற்புறத்தில் கறிவேப்பிலை நாற்று

மழை பெய்த காலையில் பெரட்டுக்குப் போய்விட்டுக் கத்தியை மீண்டும் கூரையில் செருகும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு அன்றைய பொழுது வீணாகிறது. மாசி, பங்குனியில் மரம் இலையுதிர்க்கும்போது பாலும் குறைகிறது, சம்பளமும் குறைகிறது. இந்த இரண்டு குறைகளையும் ஒருவாறு ஈடுசெய்ய லயத்துப் பின்புறத்தில் என்ன செய்யலாம் என்று தோழர்கள் பலர் நம்மைக் கேட்கின்றனர். கத்தரி, வெண்டை என்று பலவற்றைச் சொல்லலாம். ஆனால் நாம் இன்று ஒன்றைப்பற்றி மட்டுமே எழுதுகிறோம்: கறிவேப்பிலை நாற்று.

ஏன் இலையல்ல, காயல்ல, நாற்று? காரணம் நிலம் நம்முடையதல்ல என்பதே. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டுமென்று தோட்டங்களுக்கு விதித்திருந்தது. அந்த நிலத்தில் நட்ட முருங்கையும் மாவும் எத்தனை குடும்பங்களுக்குச் சொந்தமாக மிஞ்சின? தோட்டம் கைமாறும், லயம் இடிபடும், தொழிலாளி அடுக்குமாடி வீட்டுக்குப் போவான். மரம் அங்கேயே நிற்கும். பையில் வளர்ந்த நாற்றையோ லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அடுக்குமாடியின் சிறிய முன்தளத்திலும் ஐம்பது பைகளை நெருக்கி வைக்க இடமுண்டு.

கறிவேப்பிலை விதையில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்றுதான். பயறுபோல வெயிலில் உலர்த்தி, புட்டியில் போட்டு வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து விதைக்கிறார்கள். ஒன்றும் முளைக்காது. இந்த விதை உலர்ந்தால் செத்துவிடும். மரத்தில் பழம் கருநீலமாகக் கறுத்ததும், குருவிகள் தின்றுவிடுமுன், காலையில் பறிக்கவேண்டும். தண்ணீரில் பிசைந்து தோலையும் சதையையும் கழுவி, மிதக்கும் விதைகளை எறிந்துவிட்டு, மூழ்கியவற்றை அன்றைக்கே, அல்லது அந்த வாரத்துக்குள் மண்ணில் போட்டுவிடவேண்டும். அரை அங்குல ஆழம் போதும். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய சாணம் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்த மண்ணில், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முளை தெரியும். முதலில் அகலமான பெட்டியில் விதைத்து, நான்கு இலை வந்தபின் ஆறு அங்குல அகலமுள்ள பைக்கு மாற்றுவது நல்லது. நோஞ்சான் முளைகளை அப்போதே கழித்துவிடலாம்.

அவசரக்காரர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. வயதான கறிவேப்பிலை மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் கிளம்பும். ஒரு சாண் உயரமுள்ள கன்றை, சல்லிவேர் கொஞ்சம் சேர்ந்து வரும்படி, மழை நாளில் தோண்டி எடுத்து, பாதி இலையைக் கிள்ளிவிட்டுப் பையில் நட்டு, மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்தால் பிழைக்கும். ஆனால் ஒரே நாளில் எல்லாக் கன்றுகளையும் வெட்டி எடுத்துத் தாய்மரத்தின் வேரைப் புண்ணாக்கக்கூடாது.

பிறகு நாற்று எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளவேண்டும். முளை நன்றாக இருக்கும்; ஒரு காலையில் பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு பழுத்து மெலிந்து, நூல்போலாகிச் சாய்ந்து கிடக்கும். அது தண்ணீர் மிகுதியால் வந்த அழுகல். பையின் அடியில் துளை இருக்கவேண்டும். விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் ஊற்றக்கூடாது. இரண்டாவது, நுனிக் கொழுந்து சுருண்டு, வெள்ளை மெழுகு நூலும் பிசுபிசுப்பும் தெரிந்தால் சிறு தத்துப்பூச்சி வந்துவிட்டது என்று பொருள். அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிட்டு, மெல்லிய சோப்புத் தண்ணீரைத் தெளிக்கவேண்டும். எலுமிச்சைக்குப் பெருநோய் கொண்டுவருவதும் இதே பூச்சிதான். ஆகையால் எலுமிச்சை மரத்தின் பக்கத்தில் பைகளை அடுக்கவேண்டாம். குருவி எச்சம் போலக் கொழுந்தில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பட்டாம்பூச்சியின் இளம் புழு. கையால் எடுத்தாலே போதும்.

மூன்றாவது சாவு மிகவும் பரிதாபமானது, ஏனெனில் அது விற்கும் நாளில் வருகிறது. பையைத் தரையில் மாதக்கணக்கில் வைத்தால் வேர் துளை வழியே நிலத்துக்குள் இறங்கிவிடும். வாங்க வந்தவர் தூக்கும்போது அந்த வேர் அறுந்து, வீடு போய்ச் சேருமுன் செடி வாடிவிடும். அடுத்த முறை அவர் வரமாட்டார். பலகை அல்லது செங்கல் மேல் பைகளை வைத்து, இரண்டு வாரத்துக்கொருமுறை இடம் மாற்றவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆடியில் பெட்டியில் விதைத்து, 100 பைகளுக்கு மாற்றிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பை 15 வெள்ளி, மணலும் சாணமும் 40 வெள்ளி, நிழல்வலை 35 வெள்ளி, ஆகச் செலவு 90. இருபது செத்துப்போனால் மாசியில் 80 நிற்கும். ஐம்பதைத் தாமான் வீட்டுக்காரர்களுக்கும் இரவுச் சந்தையிலும் 5 வெள்ளி வீதம் விற்றால் 250. மீதி முப்பதைச் செடிக்கடைக்காரருக்கு 3 வெள்ளி வீதம் கொடுத்தால் 90. வரவு 340, செலவு போக 250. ஊருக்கூர் விலை மாறும். உங்கள் சந்தையில் கேட்டறிந்து இந்த எண்களைத் திருத்திக்கொள்க. எப்படித் திருத்தினாலும் ஏழு மாத உழைப்புக்கு மாதம் 36 வெள்ளியைச் சுற்றித்தான் நிற்கும். இரண்டாம் ஆண்டு வலைச்செலவு இல்லை, கொஞ்சம் கூடும்.

இதை நாம் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணமுண்டு. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அதன் பக்கத்தில் 36 வெள்ளி என்ன? பிள்ளையின் பள்ளிப் புத்தகத்துக்கும் பேருந்துக்கும் ஆகும், அரிசிக்கு ஆகாது. "தோட்டத்து ஆட்களுக்குச் செடி விற்ற காசும் வருகிறதே" என்று சம்பளப் பேச்சில் எவராவது சொல்லத் துணிந்தால், மேற்கண்ட கணக்கை அவர் முன் வைக்கலாம். மழையால் வேலை நின்ற நாளுக்கு உரிய கூலியை நாற்றுப்பை தராது. அதை ஒப்பந்தத்தில்தான் பெறவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு கைப்பிடி உரம்கூட எடுக்கவேண்டாம். செடி 5 வெள்ளி. அந்தக் கைப்பிடியால் வேலையே போய்விடும். அடுத்து, களைக்கொல்லி வந்த பீப்பாயில் தண்ணீர் பிடித்து ஊற்றவும், மருந்தடித்த நிரையோரத்து மண்ணை அள்ளவும் கூடாது. முளை ஏன் வெளிறிச் செத்தது என்று பிறகு தவிக்க நேரும்; கறிவேப்பிலையோ குழம்பில் போடும் பொருள்.

கிராணிமார்க்கு ஒரு வேண்டுகோள். செக்ரோல் எழுதும் கை ஒரு சிறு நோட்டில், விதைத்த தேதி, முளைத்த எண்ணிக்கை, செத்தது, விற்றது ஆகிய நான்கை அண்டை வீட்டாருக்காக எழுதித் தந்தால், அடுத்த ஆடியில் எத்தனை பை வாங்குவது என்பது ஊகமாக இராது. நமது கிளைச் செயலாளர்கள், லயத்துப் பின்புறத்தில் பைகளை அடுக்குவதற்கு நிர்வாகத்தின் அனுமதியை வாய்ச்சொல்லாக அல்ல, கடிதமாகப் பெற்று, அதன் நகலொன்றைக் கிளைக் கோப்பில் சேர்க்கவேண்டும். பை வாங்குவதற்கு முன்பே அது கையில் இருக்கட்டும்.