பெரிய மீன் தலையும் நான் பாதி சொல்லிக்கொடுத்த பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. மீன் சாப்பிடுகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். சாப்பிடாதவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளும் படூரில்தான் இருக்கிறாள், அடுக்குமாடிக் குடியிருப்பில். சமையல் மேடையில் பெரிய தட்டு நிறைய ஒரு மீன் தலை. உறையவைத்து வந்தது, ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாது. என்ன மீன் என்று கேட்டேன். "ரெட் ஸ்னாப்பர்னு போட்டிருந்தாங்க அத்தை. தலை மட்டும் மலிவா வந்துச்சு, குழம்புக்கு நல்லா இருக்கும்" என்றாள். எங்கே பிடித்தது என்று கேட்டேன், தெரியவில்லை. வேண்டாம்மா என்றேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுதவைத்தது.

"நல்லா கொதிக்கவச்சா எந்தக் கிருமியும் நிக்காதுன்னு அஞ்சாங்கிளாஸ்ல நீங்கதானே அத்தை சொல்லிக்கொடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பெரும்பாலான கிருமிகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கிருமி வேறு, நஞ்சு வேறு என்கிற அடுத்த வரியை நான் எழுதவில்லை. அதை இன்று எழுதுகிறேன்.

முதலில் நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2016-ஆம் ஆண்டு மங்களூரு பக்கம் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு மரமரப்பு என்று மருத்துவமனைகளுக்குப் போனார்கள். எல்லோரும் சாப்பிட்டது சிவப்பு ஸ்னாப்பர் மீனின் தலை. மீனின் சதையைத் துண்டம் போட்டு ஏற்றுமதிக்கு எடுத்துக்கொண்டபின், மிஞ்சிய தலைகள் உள்ளூரில் மலிவாக விற்கப்பட்டன. கெட்டுப்போன மீன் இல்லை, பச்சையாகவும் யாரும் சாப்பிடவில்லை. நம்மைப் போலவே மசாலா அரைத்துக் குழம்பு வைத்துத்தான் சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள், லூட்ஜானஸ் போகார் என்கிற சிவப்பு ஸ்னாப்பர் இனத்தில் சிகுவாடாக்ஸின் என்ற நஞ்சு இருப்பதை எலிச் சோதனை மூலம் உறுதிசெய்து கட்டுரை வெளியிட்டார்கள். அந்த நஞ்சால் வரும் நோய்க்குப் பெயர் சிகுவாடெரா.

இந்த நஞ்சை மீன் தானாக உண்டாக்குவதில்லை. பவளப்பாறைகளில், அதுவும் செத்துப்போன பவளத்தின் மேல் படரும் பாசிகளில், கேம்பியர்டிஸ்கஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி ஒட்டி வாழ்கிறது. நஞ்சின் மூலம் அதுதான். பாறையைக் கொறித்து மேய்கிற கிளிமீன் மாதிரி மீன்கள் பாசியோடு அதையும் விழுங்குகின்றன. அவற்றைப் பெரிய மீன் தின்கிறது. நஞ்சு உடம்பை விட்டு எளிதில் வெளியேறாது, கொழுப்போடு சேர்ந்து தங்கிவிடும். பத்து வருஷம் பாறையில் வேட்டையாடிய மீனின் உடம்பில் பத்து வருஷக் கணக்கு சேர்ந்திருக்கும். அதனால்தான் பெரிய ஸ்னாப்பர், பெரிய களவா, ஷீலா, அஞ்சாளை ஆகியவற்றில் ஆபத்து அதிகம். தசையைவிட ஈரல், குடல், சினை, தலை ஆகியவற்றில் நஞ்சு கூடுதலாக இருக்கும். மங்களூருவில் தலை சாப்பிட்டவர்கள் மாட்டிக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனைக்கும் அந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. துள்ளிக்கொண்டு, செவுள் சிவப்பாக, கண் பளபளப்பாக இருக்கும். வாசனையிலும் ருசியிலும் வித்தியாசம் தெரியாது.

இனி சமைப்பதற்கு வருவோம். கொதிக்கவைத்தால் கிருமி ஏன் சாகிறது? அது உயிருள்ளது. அதன் உடம்பு புரதத்தால் ஆனது. முட்டை வெந்து கெட்டியாவதுபோல அந்தப் புரதமும் சூட்டில் உருக்குலைந்துவிடும். சிகுவாடாக்ஸினுக்கு உயிரும் இல்லை, அது புரதமும் இல்லை. கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த பதின்மூன்று வளையங்கள் ஏணிப்படி மாதிரி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த ஒரு மூலக்கூறு. நம் அடுப்புச் சூடு அந்தப் பிணைப்பை உடைக்காது. குழம்பில் உப்பு கூடிவிட்டால் இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு உப்பைப் போக்க முடியுமா? குக்கரில் ஆறு விசில் விட்டால் உப்பு செத்துவிடுமா? அப்படித்தான் இதுவும்.

ஃப்ரீசர் விஷயமும் அதேதான். குளிர் கிருமியின் வளர்ச்சியை நிறுத்திவைக்கும். வளராத பொருளை எப்படி நிறுத்துவது? உப்புத் தண்ணீரை ஐஸ் கட்டியாக்கி ஆறு மாதம் வைத்து எடுங்கள், கரைந்தால் அதே உப்புதான். 2012 முதல் 2017 வரை ஜெர்மனியில் பலமுறை சிகுவாடெரா வந்தது. இந்தியா, இந்தோனேசியா, வியட்நாம் நாடுகளிலிருந்து போன ஸ்னாப்பர் மீனைச் சாப்பிட்டவர்களுக்கு வந்தது அது. அத்தனை தூரம் கடல் கடந்து போயும் நஞ்சு அப்படியே இருந்தது.

மஞ்சள், புளி, எலுமிச்சை போட்டு ஊறவைத்தால் போய்விடாதா என்று அண்ணி கேட்டார்கள். போகாது. இந்த நஞ்சு தண்ணீரில் கரைவதில்லை, ஆகவே எத்தனை தண்ணீர் மாற்றிக் கழுவினாலும் சதையை விட்டு வராது. உப்புக்கண்டம் போட்டாலும் புகை போட்டாலும் அப்படியே. வெள்ளிக்காசு கறுக்கிறதா, ஈ உட்காருகிறதா என்று பார்க்கும் வழக்கம் சில தீவு நாடுகளில் உண்டு. அதை நம்பியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

எவ்வளவு நஞ்சு இருந்தால் ஆபத்து? கணக்குப் பாடம் எடுத்தவள் என்பதால் ஒரு கணக்கு. அமெரிக்க உணவு மருந்துத் துறை வைத்திருக்கும் வழிகாட்டு அளவு, பசிபிக் வகை நஞ்சுக்கு, ஒரு கிலோ மீனில் 0.01 மைக்ரோகிராம். அப்படியானால் ஒரு கிராம் நஞ்சை எத்தனை கிலோ மீனில் கலந்தால் அந்த அளவு வரும்? பத்துக் கோடி கிலோ, அதாவது ஒரு லட்சம் டன். ஜப்பானிய விஞ்ஞானி யசுமோட்டோவின் குழு 1989-இல் இதன் அமைப்பைக் கண்டறிந்தபோது, சுமார் 4000 கிலோ அஞ்சாளை மீனிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த சுத்தமான நஞ்சு 0.35 மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட இல்லை. வீட்டிலோ மீன் கடையிலோ சோதித்துப் பார்க்க வழியில்லாததன் காரணம் இதுதான்.

வந்துவிட்டால் எப்படித் தெரியும்? சாப்பிட்ட சில மணி நேரத்தில், பெரும்பாலும் ஒரு நாளுக்குள், வாந்தியும் பேதியும் வரும். இதுவரை சாதாரண ஃபுட் பாய்ஸன் மாதிரிதான். பிறகு உதடு, நாக்கு, விரல் நுனி மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் இருக்கும். மூட்டும் தசையும் வலிக்கும், தோல் அரிக்கும். முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவதுபோலவோ ஷாக் அடிப்பதுபோலவோ இருக்கும். நரம்புக்குள் சோடியம் போகும் வாசலை இந்த நஞ்சு திறந்தே வைத்துவிடுகிறது, நரம்பு காரணமில்லாமல் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் குறையும், அப்போது தாமதிக்கவே கூடாது. உயிரிழப்பு அரிது. ஆனால் மரமரப்பும் களைப்பும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மாற்று மருந்து கிடையாது, அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. டாக்டரிடம் போனால் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன மீன், எவ்வளவு பெரியது, தலையா துண்டமா, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் உண்டா என்று சொல்லுங்கள். நம் பக்கம் இது அபூர்வம் என்பதால் நாம் சொன்னால்தான் அவருக்கும் அந்த நினைவு வரும்.

இதைப் படித்துவிட்டு மீனே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்காதீர்கள். கோவளம் கரையில் காலையில் வந்து இறங்கும் நெத்திலி, கவலை, கானாங்கெளுத்தி, கையளவு சங்கரா எல்லாவற்றையும் நான் இன்றும் வாங்குகிறேன். நம் கரை மணல் கரை. பவளப்பாறைகள் இருப்பது மன்னார் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் போன்ற இடங்களில். பாறையில் வாழ்ந்த பெரிய மீன் நம் சமையலறைக்கு வருவது பெரும்பாலும் ஐஸ் பெட்டியில்தான். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அங்கே இந்த நோய் நம் வஞ்சிரத்தாலும் வருகிறது. பத்து கிலோவுக்கு மேற்பட்ட வஞ்சிரத்தைத் தவிர்க்கச் சொல்லி நியூ சவுத் வேல்ஸ் உணவுத் துறை எச்சரிக்கிறது. அதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். மீன்காரம்மாவிடம் "இது என்ன மீன், எங்கே பிடிச்சது" என்று கேட்டால் பதில் வரும். பாக்கெட்டிடம் கேட்டால் வராது. தோலுரித்த துண்டத்தையோ வெட்டிய தலையையோ வைத்து இனம் கண்டுபிடிக்க நம்மால் முடியாது. ஆகவே உறைந்த மீனை விற்கிறவர்கள் மீனின் சரியான பெயர், முழு மீனின் எடை, பிடித்த கடல் பகுதி மூன்றையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பெரிய பாறை மீனின் சதை ஏற்றுமதிக்கும், தலையும் குடலும் ஏழை வீட்டுக் குழம்புக்கும் என்று பிரிப்பதை நிறுத்த வேண்டும். நஞ்சு கூடுதலாக இருக்கக்கூடிய பாகம் விலை குறைந்த பாகமாக இருப்பதால், மலிவாக வாங்குகிறவர்தான் முதலில் படுக்கிறார். நம் கையில் இருப்பது, எங்கே பிடித்தது என்று தெரியாத பெரிய பாறை மீனின் தலை, ஈரல், சினை ஆகியவற்றை வாங்காமல் இருப்பது.

அண்ணன் மகள் அந்தத் தலையைச் சமைக்கவில்லை. கொஞ்சம் முகம் வாடித்தான் போனாள், காசு போயிற்றே என்று. அன்று முட்டைக்குழம்பு வைத்தோம்.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்தவர்கள் எல்லோரும் நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. இத்தனை வருஷம் கழித்துத் திருத்துகிறேன், டீச்சரை மன்னியுங்கள்.