செப்டம்பரில் வந்த ஒக்டோபர் கூட்டம்



கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர் குழுக்களுக்கும் ஊர்க் குழுக்களுக்கும் கணினிக் குரலில் அறிவித்தல் தயாரித்து அனுப்புகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் பாடசாலையில் நடந்த விடயம் இது. தரம் 5 பெற்றோர் கூட்டத்துக்கான அறிவித்தலை எழுத்தில் மட்டும் போட்டால், வாசிக்கச் சிரமப்படும் உம்மாமாருக்குப் போய்ச் சேராது என்று யோசித்தோம். எழுத்தைக் குரலாக்கும் செயலி ஒன்றில் அதை ஒட்டி, வந்த ஒலியை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். நாங்கள் எழுதியிருந்தது 09.10.2025. எங்களுக்கு அது ஒக்டோபர் 9. குரலோ மாதத்தை முன்னால் வைத்து, செப்டம்பர் 10 என்று வாசித்துவிட்டது. அனுப்புவதற்கு முன் நாங்கள் முதல் வசனத்தை மட்டும்தான் கேட்டிருந்தோம்.

செப்டம்பர் 10 காலையில் ஒரு தாய் கூலி வேலைக்குப் போகாமல் வந்து, பூட்டிய வகுப்பறைக்கு முன்னால் நின்றார். "நீங்கதானே டீச்சர் அனுப்பினீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைய சம்பளம் அவருக்குப் போனது போனதுதான்.

"மெஷினுக்குத் தமிழ் வராது, இதை விட்டுவிடுவோம்" என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பிழை நாங்கள் கொடுத்த பிரதியில் இருந்தது. அது கண்ணுக்காக எழுதப்பட்டது. 09.10 என்று கண்டதும் எந்த மாதம் என்பதை நாங்கள் பழக்கத்தில் விளங்கிக்கொள்கிறோம். குரலுக்கு அந்தப் பழக்கம் இல்லை, அது ஊகிக்கிறது. ஊகிக்க இடம் வைத்தது நாங்கள்.

அதிகம் பிழைப்பது இலக்கம்தான். 1990 என்ற நான்கு இலக்கத்தை எடுங்கள். வடக்கிலிருந்து எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்ட வருடம் என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அம்பியூலன்ஸ் இலக்கம் என்றால் ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம். எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதேபோல 8.30 என்பது "எட்டு புள்ளி மூன்று பூச்சியம்" ஆகிவிடும். 8 - 10 என்று இடையில் போடும் கோடு சில நேரம் "கழித்தல்" ஆகும், சில நேரம் சத்தமே இல்லாமல் காணாமல் போகும்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலக்கத்தோடு உருபு சேரும்போது சொல்லே மாறுகிறது. 100க்கு என்று எழுதினால் நாங்கள் "நூற்றுக்கு" என்று வாசிப்போம். குரல் "நூறு" என்று சொல்லி நிறுத்தி, பிறகு "க்கு" என்று விக்கலெடுக்கும். 2025இல் என்றால் "இருபத்தைந்தில்" என்று சேராமல் "இருபத்தைந்து, இல்" என்று பிரியும். கேட்பவருக்கு அது "இல்லை" என்பதுபோல் விழும். இதற்கு மருந்து ஒன்றுதான். இலக்கத்தை எழுத்தால் எழுதுங்கள், உருபையும் சேர்த்தே எழுதுங்கள். தொலைபேசி இலக்கத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி போட்டு, இரண்டு தடவை சொல்ல வையுங்கள்.

அடுத்தது ஆங்கிலச் சொல். ஆங்கில எழுத்தில் விட்டால் சில குரல்கள் ஒவ்வொரு எழுத்தாக உச்சரிக்கும், சில குரல்கள் அந்தச் சொல்லை மட்டும் வேறு ஆள் பேசுவதுபோல் சொல்லும். அதனால் தமிழ் எழுத்துக்கு மாற்றுகிறோம். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. தமிழில் சொல்லின் முதலில் வரும் க, ப போன்றவை வல்லோசையாகத்தான் ஒலிக்கும். "பின்பக்க கேட்டால் வரவும்" என்று எழுதியிருந்தோம். கேட்டவர்களுக்கு அது "யாராவது கேட்டால் வாருங்கள்" என்றுதான் விளங்கியது. "பின்பக்க வாசலால்" என்று மாற்றியதும் சரியானது. ஊரில் புழங்கும் தமிழ்ச் சொல் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்தில் எழுதி, காதால் சரிபாருங்கள்.

எங்கள் பெயர்களுக்கும் இதே கதிதான். "பாத்திமா" என்பதை "ஃபாத்திமா" என்று எழுதினால் பெரும்பாலும் சரிவரும். ஆனால் "கபூர்" போன்ற பெயரை எப்படி எழுதினாலும் தமிழ் எழுத்தால் சரியான ஓசையைக் கொடுக்க முடியாது. ஆகவே பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கணினிக் குரலிடம் கொடுக்காதீர்கள். அதை ஒருவர் தன் வாயால் பதிந்து அனுப்பட்டும். பரிசளிப்பு அறிவித்தலில் தன் பெயரைப் பிழையாகக் கேட்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

மூன்றாவது, தேவையில்லாத இடத்தில் நிற்பதும் நிற்க வேண்டிய இடத்தில் ஓடுவதும். குரல் நிற்பது கருத்தைப் பார்த்து அல்ல, குறியைப் பார்த்து. "க.பொ.த." என்று எழுதினால் ஒவ்வொரு புள்ளியிலும் வசனம் முடிந்ததாக நினைத்து நிற்கக்கூடும். "சாதாரண தரப் பரீட்சை" என்று விரித்து எழுதினால் பிரச்சினை இல்லை. பிடிஎப் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வரியும் பாதியில் முறிந்து வரும். அந்த முறிவுகளிலும் குரல் நிற்கும், அவற்றை அழித்து வரிகளைச் சேர்க்க வேண்டும். தலைப்புக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இல்லாவிட்டால், தலைப்பும் முதல் வசனமும் ஒரே மூச்சில் ஓடிவிடும்.

சில செயலிகள் நிறுத்தத்தைக் குறியாகவே ஏற்கும். உதாரணமாக அரை நொடி நிறுத்தம் இப்படி:

```
<break time="500ms"/>
```

உங்கள் செயலி ஏற்காவிட்டால் இந்தக் குறியையும் சேர்த்து வாசித்துவிடும். அப்போது காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் குறுகிய வசனமும் போதும்.

எங்கள் பழைய பிரதி இப்படி இருந்தது:

"பெற்றோர் கூட்டம்
தரம் 5 மாணவர்களின் பெற்றோருக்கான கூட்டம் 09.10.2025 அன்று மு.ப. 8.30 - 10.00 வரை நடைபெறும். 100க்கு 70இலும் குறைந்த புள்ளி பெற்றோரின் பெற்றோர் கட்டாயம் சமுகமளிக்கவும்."

இப்போது இப்படி எழுதுகிறோம்:

"பெற்றோர் கூட்டம் பற்றிய அறிவித்தல். இது தரம் ஐந்து பிள்ளைகளின் பெற்றோருக்கு. கூட்டம், ஒக்டோபர் மாதம் ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தொடங்கி, பத்து மணிக்கு முடியும். நூற்றுக்கு எழுபதிலும் குறைவாகப் புள்ளி எடுத்த பிள்ளைகளின் பெற்றோர், கட்டாயம் வர வேண்டும். மீண்டும் சொல்கிறோம். ஒக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை."

கிழமையைச் சேர்த்ததைக் கவனியுங்கள். திகதி எங்காவது பிழைத்தாலும் கிழமை ஒத்துவராது. கேட்பவர் சந்தேகப்பட்டு ஒரு அழைப்பு எடுப்பார். அந்தத் தாய்க்கு இது ஒன்று இருந்திருந்தாலே போதும். செப்டம்பர் 10 புதன்கிழமை.

எழுத்துப் பிரதியை மாற்றத் தேவையில்லை. அது வாசிப்பவர்களுக்கு அப்படியே போகட்டும். குரலுக்கு வேறு பிரதி. எங்களுக்கு அதற்குப் பத்து நிமிடம் போகிறது. பிறகு எழுதியவரல்லாத ஒருவர், பிரதியைப் பார்க்காமல், ஒலியை முழுதாகக் கேட்க வேண்டும். கேட்டு முடித்து எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று அவர் திருப்பிச் சொன்னால் மட்டுமே அனுப்புகிறோம். எழுதியவர் கேட்டால் பயனில்லை. தான் எழுதியதைத்தான் அவர் காது கேட்கும்.

வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒலி பிழைத்தாலும் பக்கத்தில் எழுத்து இருக்கிறது. ஒலியை மட்டும் நம்பியிருப்பவருக்கு, நாங்கள் அனுப்பிய அந்தக் குரலை விட்டால் வேறு எதுவும் இல்லை. அவருக்காகத்தான் ஒலியே செய்கிறோம் என்றால், அனுப்புகிறவர் கடைசி வசனம் வரை கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

உங்கள் குழுக்களில் குரல் பிழையாக வாசித்த சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். சரியாக வாசிக்க வைத்த விதத்தையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.